நின்றபடியே சாகும் பேட்டரி

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து நாமக்கல் பரமத்தி ரோடு வரை, எந்த இன்வெர்ட்டர் கடைக்குள் நுழைந்தாலும் இப்போது ஒரே பேச்சுதான் கேட்கிறது. "இப்பெல்லாம் கரண்ட் எங்கீங்க போகுது? மாசத்துக்கு ஒரு நாள் ஷட்டவுன், எப்பவாவது காத்து மழைன்னா ஒரு மணி நேரம். அதுக்கு எதுக்குங்க அறுபது கிலோ டியூபுலரு? சீல் பண்ணுன ஏ.ஜி.எம். போட்டுட்டுப் போங்க. தண்ணி ஊத்துற வேலையே இல்லை." கொஞ்சம் வசதியானவர் என்று தெரிந்தால் இதே பேச்சு ஜெல் பேட்டரிக்குத் தாவுகிறது. வாங்குகிறவருக்கும் நியாயமாகவே படுகிறது. தினமும் உழைக்கிற மாட்டுக்குத்தானே நல்ல தீவனம், வருஷத்தில் பத்து நாள் ஏர் பூட்டுகிற மாட்டுக்கு எதற்கு என்பது போன்ற கணக்கு இது.

இந்தக் கணக்கு தவறு. அதன் பாதி உண்மை என்பதால் நம்புவதும் எளிதாக இருக்கிறது. முதலில் அந்த உண்மையான பாதியை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2012ஐ மறந்திருக்க மாட்டோம். சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்த காலம் அது. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். பேட்டரி ஒரே நாளில் பலமுறை இறங்கி ஏறியது. டியூபுலர் பேட்டரி நம் ஊர் வீடுகளுக்குள் கூட்டமாக வந்தது அந்த நாட்களில்தான். அதன் நேர்த்தகட்டில் ஈயப் பொடி திறந்த பலகை மாதிரி பூசப்பட்டிருக்காது. ஈயக் கம்பிகளைச் சுற்றி, நெய்த துணிக்குழாய்களுக்குள் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். எத்தனை முறை இறங்கி ஏறினாலும் பொடி உதிர்ந்து அடியில் படியாது. ஆயிரம் முறைக்கு மேல் ஆழமாக இறங்கி ஏறும் என்று விளம்பரம் செய்ததும் அதனால்தான். இப்போது மாதம் ஒரு ஷட்டவுன், நடுவில் ஓரிரு சிறு தடை என்று வைத்தால் வருஷத்துக்கு இருபது முறை இறங்கினாலே அதிகம். ஐந்து வருஷத்தில் நூறு. ஏ.ஜி.எம். பேட்டரியே சில நூறு முறை தாங்கும். ஆகவே, இறங்கி ஏறும் கணக்கை மட்டும் வைத்தால் டியூபுலரின் அந்தப் பெருமை நமக்கு வீண்தான். இதுவரை கடைக்காரர் சொல்வது சரி.

அவர் சறுக்குவது அடுத்த படியில். அடிக்கடி இறங்காத பேட்டரி அதிக நாள் வாழும் என்று அவர் முடிவு கட்டுகிறார். வேலை செய்து தேய்வது பேட்டரிக்கு ஒரு சாவு மட்டுமே. வேலையே இல்லாமல், முழுச் சார்ஜில், வெயிலில் நின்றபடியே சாவது இன்னொரு சாவு. 2012இல் நம் பேட்டரிகள் முதல் சாவைச் சந்தித்தன. இன்று இரண்டாவது சாவைச் சந்திக்கின்றன. எந்தச் சாவு வரப்போகிறது என்று பார்த்துத்தான் பேட்டரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் விடை கடைக்காரர் சொல்வதற்கு நேர்மாறாக வருகிறது.

நின்றபடி சாவது எப்படி என்று பார்ப்போம். இன்வெர்ட்டர் மெயினில் இருக்கும்போதெல்லாம் பேட்டரிக்குச் சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பேட்டரி நிறைந்த பிறகு அந்த மின்சாரத்துக்குச் சேமிக்க இடமில்லை. அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. நேர்த்தகட்டின் ஈயச் சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து ஆக்சைடாக மாற்றுகிறது. உள்ளே இருக்கும் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. சட்டம் அரிந்து தீர்ந்தாலும் சாவு, தண்ணீர் வற்றினாலும் சாவு. இரண்டையும் விரட்டுவது வெப்பம். எட்டிலிருந்து பத்து டிகிரி கூடினால் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு.

நம் நாட்டில் பேட்டரியின் கொள்ளளவை 27 டிகிரியில் அளந்துதான் மேலே அச்சிடுகிறார்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 38, 39 டிகிரியைத் தொடுவது வழக்கம். பேட்டரியை நாம் குளிர்ந்த இடத்திலா வைக்கிறோம்? மாடிப்படிக்கு அடியில், போர்ட்டிகோ மூலையில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஸ்டோர் ரூமில், மேற்குச் சுவரை ஒட்டி வைக்கிறோம். அந்த மூலையில் இரவு பதினொரு மணிக்குத் தொட்டாலும் சுவர் சுடும். கோடையில் அங்கே பேட்டரி 36, 37 டிகிரியில் நின்றுகொண்டிருக்கிறது. மேலே எழுதியிருக்கும் 27க்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே அதன் ஆயுளைப் பாதியாக்கப் போதுமானது.

இந்த வெயிலில் மூன்று வகைகளும் எப்படி நிற்கும்? ஏ.ஜி.எம். பேட்டரியில் அமிலம் தளும்பி நிற்பதில்லை. மெல்லிய கண்ணாடி நார் விரிப்பு உறிஞ்சி வைத்திருக்கிறது. ஈரத்துணி மாதிரி நனைந்த நிலைதான், ஊறிக் கிடக்கும் நிலை இல்லை. நேர்த்தகட்டில் வெளிப்படும் ஆக்சிஜன் அந்த விரிப்பின் நுண்துளைகள் வழியே எதிர்த்தகட்டுக்குப் போய், அங்கே சேர்ந்து மீண்டும் தண்ணீராகிறது. அதனால்தான் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. அழகான ஏற்பாடுதான். ஆனால் அப்படிச் சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. அதோடு எல்லா வாயுவும் தண்ணீராகத் திரும்புவதில்லை. சார்ஜிங் வோல்ட்டேஜ் கூடினால் வால்வு திறந்து மிச்சம் வெளியே போய்விடும். வெயிலில் பிளாஸ்டிக் சுவர் வழியாகவே கொஞ்சம் ஈரம் கசிந்து போகும். சட்டம் அரிவதற்கும் கொஞ்சம் தண்ணீர் செலவாகும். போன துளி போனதுதான், திரும்ப ஊற்ற வழியில்லை. முதலிலேயே அளவாக நனைந்திருந்த விரிப்பு காய ஆரம்பித்தால் தகட்டோடு ஒட்டாமல் விலகும், உள்தடை ஏறும், கொள்ளளவு சரியும். விரிப்பு காயக் காய ஆக்சிஜன் இன்னும் எளிதாகப் பாயும், வெப்பம் இன்னும் கூடும், சார்ஜிங் மின்சாரமும் கூடும். இந்தச் சுழல் முற்றினால் பேட்டரியின் பக்கச் சுவர் உப்பி நிற்கும்.

ராசிபுரத்தில் என் அக்கா வீட்டில் இதை நேரில் பார்த்தேன். தண்ணீர் ஊற்ற யாரும் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக 100 ஏ.எச். சீல் பேட்டரி வாங்கினார்கள். படிக்கட்டின் அடியில் கதவு போட்ட சின்ன அறையில் வைத்தார்கள். இருபத்தாறாவது மாதம், ஒரு ஷட்டவுன் நாளில், காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போய் ஒன்பதே முக்காலுக்குள் இன்வெர்ட்டர் கூவி அணைந்துவிட்டது. அக்கா என்னைக் கூப்பிட்டு, "நேத்து வரைக்கும் பச்சை லைட்டுதானேடா எரிஞ்சுது" என்றார். பச்சை விளக்கு பொய் சொல்லவில்லை, அது சார்ஜ் நிறைந்ததை மட்டும் காட்டியது. எவ்வளவு நிறைந்தது என்று காட்ட அதற்கு வழியில்லை. குடத்தின் கொள்ளளவு கால் குடமாகச் சுருங்கினாலும், கால் குடம் நிறைந்ததும் நிறைந்தது என்றுதான் விளக்கு சொல்லும்.

அறையைத் திறந்தபோது பேட்டரியின் இரண்டு பக்கமும் மெல்ல உப்பியிருந்தன. மின்சாரம் வந்து, பேட்டரி நிறைந்த பிறகு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 14.1 வோல்ட், இரவு முழுக்க அதே 14.1. ஏ.ஜி.எம். பேட்டரியை நிறைந்த பிறகு 13.6 வோல்ட் அளவில் நிறுத்த வேண்டும். அதுவும் 27 டிகிரி கணக்கு. ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் 12 வோல்ட் பேட்டரிக்கு ஏறத்தாழ 0.02 வோல்ட் குறைக்க வேண்டும். 36 டிகிரி அறையில் அது 13.4 அளவுக்கு வந்துவிடும். இரண்டு வருஷமாக அந்த பேட்டரி 0.7 வோல்ட் வரை கூடுதலாக வாங்கி, தன் தண்ணீரைத் தானே வேகவைத்துக்கொண்டிருந்தது. அக்கா அதை எத்தனை முறை பயன்படுத்தினார் என்று கணக்குப் போட்டோம். முப்பது முறைகூட இல்லை. சில நூறு முறை உழைக்கும் என்ற உறுதியில் வாங்கிய பொருள், முப்பது முறை உழைத்துச் செத்திருந்தது.

இங்கே ஒரு மறுப்பு வரும். செல்போன் டவரில், பேங்க் ஏ.டி.எம்.மில், தொலைபேசி நிலையத்தில் எல்லாம் சீல் பேட்டரிதானே வைக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாதா என்பார்கள். அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் ஏ.டி.எம்.மிலும் நிலையத்திலும் ஏ.சி. ஓடுகிறது. அதனால்தான் அவர்களுடைய சார்ஜரில் வெப்பமானி கம்பி பேட்டரி வரை போய், வெயிலுக்குத் தக்கபடி வோல்ட்டேஜைக் குறைக்கிறது. அங்கே வைக்கும் பேட்டரிகளிலும் நீண்ட காலம் நிற்பதற்கென்றே தடித்த தகட்டோடு செய்தவை உண்டு. நம் வீட்டு இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவற்றில் வெப்பத்தை அளக்கும் கம்பியே கிடையாது. ஏ.சி. அறையில் படிப்படியாக வளர்ந்த ஏற்பாட்டைப் படிக்கட்டுக்கு அடியில் தூக்கி வைத்துவிட்டு, அங்கே நன்றாக இருக்கிறதே என்று சொல்வது ஒப்புமை ஆகாது.

இப்போது டியூபுலரைப் பார்ப்போம். அதுவும் வெயிலில் அரிகிறது, அதுவும் தண்ணீரை இழக்கிறது. சொல்லப்போனால் ஏ.ஜி.எம்.மைவிட அதிகமாகவே இழக்கிறது. அதன் ஈயச் சட்டத்தில் சிறிது ஆன்டிமனி கலந்திருக்கிறது, ஆன்டிமனி வாயு வெளிப்படுவதைத் தூண்டும். இது அதன் குறைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இழப்பு திரும்பக் கிடைக்கிற இழப்பு. மூடியைத் திறந்து வடிநீர் ஊற்றினால் ஈடு ஆகிவிடும். 150 ஏ.எச். டால் டியூபுலரில் பதினைந்து லிட்டருக்கு மேல் அமிலம் தளும்பி நிற்கிறது. தகடுகளுக்கு மேலேயும் கையிருப்பு உண்டு. ஒரு லிட்டர் போனாலும் தகடு காயாது. அத்தனை திரவம் இருப்பதால் பகல் வெயிலில் அது சட்டென்று சூடேறுவதும் இல்லை.

இரண்டாவது காரணம் அமிலத்தின் செறிவு. வீட்டு டியூபுலரில் நிறைந்த நிலையில் அமிலத்தின் அடர்த்தி 1.240 அளவில் இருக்கும். ஏ.ஜி.எம்.மில் திரவம் குறைவு என்பதால் அதை 1.300 அளவுக்குச் செறிவாக்கித்தான் போதுமான சக்தியை எடுக்க முடிகிறது. செறிவு கூடினால் நேர்த்தகட்டுச் சட்டம் வேகமாக அரியும். டியூபுலரில் குறைந்த செறிவில், பொடி மூடிய தடித்த கம்பி அரிகிறது. ஆகவே மெதுவாக அரிகிறது. துணிக்குழாய் ஆயிரம் முறை இறங்கி ஏறுவதற்காகச் செய்யப்பட்டது என்று எல்லோரும் பேசுகிறார்கள். அதனுள் நிற்கும் கம்பி நம் ஊர் வெயிலில் வருஷக்கணக்கில் நின்று தாங்கும் என்பதை ஒருவரும் பேசுவதில்லை. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது குணம்தான்.

மூன்றாவது காரணத்தை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். டியூபுலரின் உள்ளே பார்க்கலாம். ஒரு ஹைட்ரோமீட்டர் போதும். சார்ஜ் நிறைந்து சில மணி நேரம் ஓய்ந்த பிறகு, தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால், ஆறு அறைகளிலும் அமிலத்தை உறிஞ்சிப் பாருங்கள். ஆறும் 1.230க்கும் 1.240க்கும் நடுவே இருந்தால் பேட்டரி நலம். கோடையில் அமிலம் சூடாக இருந்தால் பத்து டிகிரிக்கு 0.007 குறைவாகக் காட்டும், அது இயல்பு. ஐந்து அறைகள் 1.235 என்றும் ஓர் அறை மட்டும் 1.200 என்றும் காட்டினால், அந்த அறை விழ ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உங்களுக்கு மாதக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. வாரண்டி இருந்தால் கேட்கலாம், இல்லையென்றால் ஷட்டவுன் வருவதற்குள் மாற்றலாம். சீல் பேட்டரியில் இந்த வசதி இல்லை. அது சாகிற நாள், மின்சாரம் போகிற நாள்தான் உங்களுக்குத் தெரியும்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறவர்கள்கூட இதில் ஏமாறுவதைக் கண்டிருக்கிறேன். ஓய்ந்திருக்கும் டியூபுலர் 12.5 வோல்ட் காட்டினால் அது நிறைந்த நிலை. அதே 12.5ஐ ஏ.ஜி.எம். காட்டினால் அது பாதிக்குச் சற்று மேலே மட்டும்தான் நிறைந்திருக்கிறது. அதன் அமிலம் செறிவு கூடியது என்பதால் நிறைந்தால் 12.8க்கு மேல் காட்ட வேண்டும். டியூபுலரில் பழகிய மெக்கானிக் ஏ.ஜி.எம்.மில் 12.5 பார்த்துவிட்டு, பேட்டரி ஃபுல் என்று சொல்லிப் போய்விடுவார். அது பல மாதம் அரைச் சார்ஜில் கிடந்து சல்ஃபேட் பிடித்து இறுகும்.

எதிர்த் தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போவது நியாயமில்லை. டியூபுலர் அடிக்கடி இறங்கி ஏறவில்லையென்றால் கெட்டுவிடும் என்கிறார்கள். உயரமான பேட்டரியில் கனமான அமிலம் அடியில் தங்கும், தண்ணீர் மேலே நிற்கும், அடித்தகடு சல்ஃபேட் பிடிக்கும் என்பது அந்த வாதம். உண்மைதான். விரிப்பு பிடித்து வைத்திருப்பதால் ஏ.ஜி.எம்.மில் இது மிகக் குறைவு, ஜெல்லில் அநேகமாக இல்லை. ஆனால் இதற்கு மருந்து உண்டு, அதுவும் செலவில்லாத மருந்து. பேட்டரி ஆழமாக இறங்கி, பிறகு நன்றாகக் கொதித்துச் சார்ஜ் ஏறினால், எழும் குமிழிகளே அமிலத்தைக் கலக்கிவிடும். மாதம் ஒரு நாள் மின் வாரியம் பராமரிப்புக்கு என்று நிறுத்துவதே இந்த மருந்தைக் கொடுத்துவிடுகிறது. இரண்டு மாதம் ஷட்டவுனே வரவில்லை என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை நீங்களே நிறுத்தி, நான்கு மணி நேரம் இன்வெர்ட்டரில் ஓட்டிவிட்டு மீண்டும் போடுங்கள். போட்ட பிறகு சார்ஜிங் உச்சத்தில் 14.4 வோல்ட்டுக்கு மேல் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் இன்வெர்ட்டரின் பின்புறம் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள். அது வேறு வகையில் நின்றுகொண்டிருக்கலாம். டியூபுலரின் வியாதிக்கு மருந்து இருக்கிறது, காய்ந்த ஏ.ஜி.எம்.முக்கு மருந்து கிடையாது. வித்தியாசம் அதுதான்.

அடுத்தது ஜெல். இது ஏ.ஜி.எம்.மைவிட ஒரு படி மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அமிலத்தோடு நுண்ணிய சிலிக்கா கலந்து களி மாதிரி உறைய வைத்திருக்கிறார்கள். திரவம் ஏ.ஜி.எம்.மைவிடக் கூடுதல், வெப்பத்தையும் ஆழமாக இறங்குவதையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அதற்குச் சார்ஜர் ஒழுங்கு அதிகம் வேண்டும். சார்ஜிங் வோல்ட்டேஜ் எல்லையைத் தாண்டினால் எழும் வாயு அந்தக் களிக்குள் பைபையாகத் தங்கிவிடும். அமிலம் தகட்டைத் தொடாத அந்த இடங்கள் திரும்பச் சேர்வதில்லை. டியூபுலருக்குச் சரியான 14.4க்கு மேற்பட்ட வோல்ட்டேஜ் ஜெல்லுக்கு விஷம். வெப்பத்துக்கேற்ப வோல்ட்டேஜைக் குறைக்கும் நல்ல சோலார் சார்ஜர் உள்ள வீட்டுக்கு, தினமும் இறங்கி ஏறும் வீட்டுக்கு, ஜெல் பொருத்தம். மாதம் ஒருமுறை இறங்கும் வீட்டில், எந்த இன்வெர்ட்டர் கிடைக்கிறதோ அதோடு கட்டுவதற்கு ஜெல் வாங்குவது பணத்துக்குக் கேடு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் தண்ணீர் ஊற்றாத எல்லா பேட்டரிக்கும் ஜெல் என்றே பெயர் விழுந்துவிட்டது. ஜெல் என்ற பேரில் கைக்கு வருவது ஏ.ஜி.எம்.மாகவே இருக்கலாம். கம்பெனியின் விவரத்தாளை வாங்கி, அமிலம் எந்த நிலையில் இருக்கிறது, சார்ஜிங் உச்ச வோல்ட்டேஜ் எவ்வளவு என்ற இரண்டையும் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எல்லா வாதங்களும் முடிந்த பிறகு கடைசியாக வருவது தண்ணீர் பேச்சு. "யாருங்க மாசாமாசம் ஊத்திட்டு இருக்கிறது?" மாதாமாதம் வேண்டியதே இல்லை. வேலை குறைந்த வீட்டில் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை போதும். ஒவ்வொரு மூடியிலும் மிதவை இருக்கிறது. மிதவை இறங்கிச் சிவப்புக் கோடு வந்தால் ஊற்ற வேண்டும், மேல் கோட்டைத் தாண்டக்கூடாது. அரை மணி நேர வேலை. வருஷத்துக்கு மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அந்த இரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஏ.எச்.சுக்கு அதிக விலை கொடுத்து, பாதி ஆயுள் உள்ள பொருளை வாங்குகிறோம். கம்பெனிகளின் வாரண்டி அட்டையைப் பாருங்கள். டியூபுலருக்குப் பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து வருஷம், சீல் பேட்டரிக்குப் பொதுவாக இரண்டு வருஷம். தயாரிக்கிறவருக்கே தன் பொருள் எத்தனை நாள் நிற்கும் என்று தெரியும்.

ஆனால் ஊற்றுவது எந்தத் தண்ணீர் என்பதில் நம் ஊருக்கு ஒரு தனி எச்சரிக்கை இருக்கிறது. சேலத்துக்கு வடக்கே சுண்ணாம்புக்கரடு மண்ணில் மேக்னசைட் வெட்டி எடுத்த குழிகளைப் பார்த்திருப்பீர்கள். மேக்னீசியமும் கால்சியமும் கலந்த இந்தப் பாறை நாட்டில் போர்த்தண்ணீர் கடினத் தண்ணீர். குழாயில் வெள்ளை படிவதைக் கண்டு சலித்தவர்கள்தானே நாம். அந்தத் தண்ணீரையோ, குடிக்கிற கேன் தண்ணீரையோ பேட்டரியில் ஊற்றுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆர்.ஓ. தண்ணீரும் குடிக்கத்தான் சுத்தம், அதில் மிச்சமிருக்கும் உப்பும் குளோரைடும் நேர்த்தகட்டை அரிக்கும். ஐந்து ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக பதினைந்தாயிரத்தைக் கெடுக்கிற வேலை அது. பேட்டரிக்கென்று விற்கும் வடிநீர் மட்டும்தான். லாரி ஓட்டுகிற நாமக்கல், திருச்செங்கோட்டு வீடுகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. லாரி பேட்டரியில் குழாய்த் தண்ணீர் ஊற்றின கிளீனர் அன்றைக்கே வாங்கிக் கட்டிக்கொள்வான். அந்த அக்கறை வீட்டு பேட்டரிக்கும் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சீல் பேட்டரிக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மூடிய படுக்கை அறையிலோ சின்ன ஆபீஸ் மேசையின் கீழோ வேறு வழியில்லாமல் வைக்க வேண்டியிருந்தால் அங்கே டியூபுலர் கூடாது. அதிலிருந்து ஹைட்ரஜனும் அமில மூட்டமும் வரும், காற்றோட்டம் கட்டாயம். வயதானவர் தனியாக இருந்து, தண்ணீர் ஊற்ற உண்மையிலேயே யாரும் வரமாட்டார்கள் என்றால், வற்றிப்போகும் டியூபுலரைவிட ஏ.ஜி.எம். மேல். தகடு வெளியே தெரிய வற்றிய டியூபுலரும் செத்த பேட்டரிதான். அப்படி வாங்கினால் மூன்று விஷயங்களை ஒப்புக்கொண்டு வாங்குங்கள். இன்வெர்ட்டரில் எஸ்.எம்.எஃப். என்ற நிலையைத் தேர்ந்தெடுங்கள், நிறைந்த பிறகு 13.6க்கு மேல் நிற்கவில்லை என்று மீட்டரில் பாருங்கள், வீட்டிலேயே குளிர்ந்த மூலையைக் கொடுங்கள். இரண்டரை, மூன்று வருஷத்தில் மாற்ற வேண்டும் என்பதை முதல் நாளே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மற்ற வீடுகளுக்கு டியூபுலர்தான். அதிலும் 220 ஏ.எச். வேண்டியதில்லை. அக்கா வீட்டுக்கே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஷட்டவுன். இரண்டு சாதாரண மின்விசிறி 150 வாட், வைஃபையும் ஒரு விளக்கும் 20 வாட், அவ்வப்போது டி.வி. சராசரியாக 30 வாட். ஆக 200 வாட், எட்டு மணி நேரத்துக்கு 1600 வாட்-மணி. இன்வெர்ட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 2000 எடுக்க வேண்டும். 12 வோல்ட்டால் வகுத்தால் 167 ஏ.எச். 150இல் இது அடங்காது. உடனே கடையில் 220 என்பார்கள். ஆனால் அதே வீட்டில் மின்விசிறி இரண்டையும் பி.எல்.டி.சி. வகையாக மாற்றினால் 150 வாட் 60 ஆகிறது. டி.வி.யைக் கொஞ்சம் குறைத்தால் மொத்தம் 100 வாட். எட்டு மணி நேரத்துக்குப் பேட்டரியிலிருந்து 83 ஏ.எச். போதும். 150 டியூபுலரில் அது பாதிக்குச் சற்று மேல்தான். மாலையில் மின்சாரம் வந்ததும் 12 முதல் 15 ஆம்பியர் தரும் சாதாரண இன்வெர்ட்டர் விடிவதற்குள் அதை நிறைத்துவிடும். 220 வாங்கி அதே சின்ன இன்வெர்ட்டரில் கட்டினால், கொதித்துக் கலக்கும் அளவுக்குச் சார்ஜ் மின்சாரம் அதற்குக் கிடைக்காது. மேலே சொன்ன அடியில் தங்கும் நோய் அங்கேதான் வரும்.

அக்கா வீட்டில் செத்த சீல் பேட்டரிக்குப் பதில் 150 டியூபுலர் வைத்தோம். படிக்கட்டு அறையிலிருந்து எடுத்து, கிணற்றடியை ஒட்டிய வடக்குத் திண்ணையில், காற்று ஓடுகிற இடத்தில் வைத்தோம். இரண்டு மின்விசிறிகளை மாற்றினோம். மாமா பொங்கல், சித்திரை, ஆடி, தீபாவளி என்று வருஷத்துக்கு நான்கு முறை மிதவையைப் பார்த்து வடிநீர் ஊற்றுகிறார். ஐந்தாவது கோடை முடிந்து போன ஆடியில் ஹைட்ரோமீட்டர் வைத்தேன். ஆறு அறைகளும் 1.230க்குக் கீழே போகவில்லை.

கடையில் அடுத்த முறை "கரண்டே போறதில்லீங்க, சீல் பேட்டரி போதும்" என்று சொன்னால், ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த இன்வெர்ட்டர் பேட்டரி நிறைந்த பிறகு எத்தனை வோல்ட்டில் நிற்கும், கோடையில் அதைக் குறைக்குமா? அதற்கு மீட்டரை வைத்துப் பதில் காட்டாத கடையில் சீல் பேட்டரி வாங்காதீர்கள்.